மண் பரிசோதனை முகாம் கேட்டு நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்கள்

முகாம் நடத்தித் தரச் சொல்லி எங்கள் உழவர் குழு வேளாண்மை அலுவலகத்துக்கு முதலில் எழுதிய கடிதத்தில் நான்கே வரிகள். "எங்கள் பகுதி விவசாயிகள் பயன்பெறும் வகையில் மண் பரிசோதனை முகாம் ஒன்றை விரைவில் நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே 46 பேரின் கையெழுத்து. பிழை எதுவும் இல்லாத, மரியாதையான கடிதம்தான். முகாமும் நடந்தது. ஆனாலும் அந்த முகாமால் எங்களுக்கு ஒரு போகமே வீணானது. அலுவலகம் எங்களை அலட்சியம் செய்யவில்லை. நாங்கள் கேட்டதை அப்படியே செய்து கொடுத்தார்கள். கேட்ட விதம்தான் தவறு என்பது பிறகுதான் விளங்கியது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்போம் என்று நினைத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

கடிதம் கொடுத்தது மே 25. ஜூன் 12 மாலை தொலைபேசியில் தகவல் வந்தது: "நாளை மறுநாள் வண்டி வருகிறது, எல்லோரும் மண்ணோடு வந்துவிடுங்கள்." அதற்கு முந்தைய நாள்தான் மழை பெய்திருந்தது. அவரவர் மண்வெட்டியோடு ஓடி, வரப்போரம் எட்டும் இடத்தில் ஒரு வெட்டு வெட்டி, கையில் கிடைத்த உரச் சாக்கிலோ மளிகைப் பையிலோ போட்டுக்கொண்டு வந்தோம். வண்டியில் வந்தவர்கள் இரண்டே பேர். அன்று அவர்களால் கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்க்க முடிந்தது 14 மாதிரிகளுக்கு மட்டும். மற்றவற்றை மண் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள். ஒன்பது பைகளில் ஈரம் பட்டுச் சீட்டு ஊறிப் பெயர் அழிந்துவிட்டது. மீதி முடிவுகள் கைக்கு வந்தபோது ஜூலை 20. மக்காச்சோளம் விதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அடியுரம் போட்டாகிவிட்டது, பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மேலுரமாகத் தழைச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். மணிச்சத்து மண்ணில் பெரிதாக நகராது. விதைக்கும்போதே வேர் போகும் ஆழத்தில் வைத்தால்தான் பயிருக்குக் கிடைக்கும். அதைப் பின்னால் போய் வைக்க வழியே இல்லை.

தாமதம்கூடப் பெரிய இழப்பாகத் தெரியவில்லை. தவறான ஆய்வு முடிவால் வந்த சேதம்தான் இன்னும் மனதை அறுக்கிறது. எங்களில் ஒருவருக்கு மணிச்சத்து "மிக அதிகம்" என்று வந்திருந்தது. அதை நம்பி அடுத்த போகத்தில் இரண்டு ஏக்கருக்கும் டிஏபி போடாமல் விட்டுவிட்டார். மூன்றாவது வாரத்திலேயே மக்காச்சோள இலைகளின் ஓரம் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து மாறத் தொடங்கியது. அது மணிச்சத்துப் பற்றாக்குறைக்கு நன்கு தெரிந்த அடையாளம். பயிர் கடைசிவரை தலையெடுக்கவில்லை. அவர் மண் கொண்டுவந்தது டிஏபி காலியான சாக்கில்.

சாக்கு அவ்வளவு செய்யுமா என்று எல்லோரும் கேட்டார்கள். கணக்கு எளிதுதான். அரைக் கிலோ மண்ணில் பயிர் எடுக்கக்கூடிய மணிச்சத்து, நடுத்தரமான நிலத்தில், பாஸ்பரஸ் கணக்கில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் இருக்கும். டிஏபி குருணை ஒன்று 20 மில்லிகிராமுக்கு மேல் எடை வரும், அதில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அதாவது சாக்கின் தையலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு குருணை மண்ணோடு சேர்ந்து இடிபட்டால், ஆய்வில் மணிச்சத்து இரட்டிப்பாகத் தெரியும். இரண்டு குருணை என்றால் மூன்று மடங்கு. ஆய்வு செய்பவர் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. துத்தநாகம் பூசிய வாளியில் மண்ணைக் கலந்தாலும் இதே கதைதான், துத்தநாகச் சத்து பொய்யாக ஏறிவிடும். அதனால் மண்ணைக் கலக்கப் பிளாஸ்டிக் வாளி, கொண்டுபோகப் புதிய துணிப்பை அல்லது புதிய பிளாஸ்டிக் பை என்பதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் உட்கார்ந்து பேசியபோதுதான் கடிதத்தின் உண்மையான குறை புரிந்தது. "முகாம்" என்று கேட்டால் ஒரு நாள் நிகழ்ச்சிதான் கிடைக்கும். மண் பரிசோதனையோ ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. ஈர மண்ணை அப்படியே ஆய்வு செய்ய முடியாது. நிழலில் பரப்பி நாலைந்து நாள், மழைக்காலமானால் ஒரு வாரம் உலர்த்த வேண்டும். பிறகு கட்டிகளை மரக்கட்டையால் நொறுக்கி, 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். அதன்பின்தான் ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனிக் கரைசல், தனித்தனி ஆய்வு. முகாம் நடக்கும் இடத்திலேயே பார்த்துச் சொல்லக்கூடியவை பெரும்பாலும் கார அமில நிலையும் உப்பின் அளவும்தான். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, கருவியை முக்கினால் தெரிந்துவிடும். தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டம் எல்லாம் நிலையத்தில் வரிசையில் நின்றுதான் வரும். ஆகவே நாம் கேட்க வேண்டியது ஒரு நாளை அல்ல, மூன்று நாட்களை. மண் எடுக்கக் கற்றுக்கொடுக்க ஒரு நாள். உலர்ந்த மாதிரிகளை வாங்கிக்கொள்ள ஒரு நாள். முடிவுகளை வைத்துக்கொண்டு உரப் பரிந்துரையை விளக்க ஒரு நாள். இந்த மூன்றையும் கடிதத்திலேயே பிரித்து எழுத வேண்டும்.

தேதிகளை விதைப்பிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தோம். விதைப்பு ஜூன் 20. அடியுரம் வாங்கி இறக்க ஜூன் 15. அப்படியென்றால் விளக்க நாள் ஜூன் 8-க்குள் இருந்தால்தான் யோசிக்க, உரம் தேட அவகாசம் இருக்கும். நிலையத்தில் விசாரித்ததில் எங்கள் எண்ணிக்கைக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஆகவே மாதிரிகளை ஒப்படைப்பது மே 16. உலர்த்த ஒரு வாரம் விட்டால் மண் எடுப்பது மே 9-க்குள். செய்முறைப் பயிற்சி மே 5 வாக்கில். அலுவலகம் தன் வேலைத் திட்டத்தில் எங்களைச் சேர்க்க ஒரு மாதமாவது வேண்டும், அப்படியானால் கடிதம் ஏப்ரல் முதல் வாரத்தில் போயாக வேண்டும். விதைப்புக்கு 11 வாரம் முன்னால்! முந்தைய ஆண்டு நாங்கள் கொடுத்தது நாலு வாரம்கூட இல்லாத இடைவெளியில். மாதமும் பயிரும் உங்களுக்கு வேறாக இருக்கலாம், எண்ணும் முறை இதுதான்.

ஒரு பக்கம் இப்படி எண்ணும்போது மறுபக்கம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிலம் எப்போது காலியாக இருக்கும்? முந்தைய அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்குத் தொழுவுரம் கொட்டுவதற்கு முன்பு உள்ள இடைவெளியில்தான் மண் எடுக்க வேண்டும். எருவோ உரமோ போட்ட கையோடு எடுத்தால் அந்தச் சத்துதான் தெரியும், நிலத்தின் சத்து தெரியாது. எங்களில் சிலர் மே முதல் வாரமே வண்டி வண்டியாக எரு அடிப்பவர்கள். அவர்களிடம் ஏப்ரலிலேயே சொல்லி நிறுத்தி வைத்தோம். எரு இறங்கிவிட்ட இரண்டு நிலங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த போகத்துக்குத் தள்ளினோம். வருத்தமாக இருந்தாலும் அதுவே சரி.

அடுத்து எண்ணிக்கை. உறுப்பினர் 46 பேர் என்றால் மாதிரி 46 என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஆளின் நிலத்தில் மேட்டுப் பக்கம் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் இருந்தால் அவை இரண்டு மாதிரி. பாதியில் காய்கறி, பாதியில் மக்காச்சோளம் என்றாலும் இரண்டுதான். வெள்ளை பூத்த திட்டு ஒன்று இருந்தால் அதைத் தனியாக எடுக்க வேண்டும், நல்ல மண்ணோடு கலந்தால் இரண்டின் உண்மையும் தெரியாமல் போகும். இப்படிப் பார்த்ததில் எங்களுக்கு 58 வந்தது. எண்ணிக்கையைச் சொல்லாமல் கடிதம் கொடுத்தால் எத்தனை பை, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று அவர்களால் திட்டமிட முடியாது.

இரண்டாவது கடிதத்தை அப்படியே தருகிறேன். பெயரும் ஊரும் மட்டும் விட்டிருக்கிறேன்.

"அனுப்புநர்: தலைவர் மற்றும் செயலாளர், ........ உழவர் குழு, ........ கிராமம். பெறுநர்: வேளாண்மை அலுவலர் அவர்கள், வேளாண்மை அலுவலகம், ........ . நாள்: ஏப்ரல் 3.

பொருள்: 58 மண் மாதிரிகளுக்கும் 6 பாசன நீர் மாதிரிகளுக்கும் விதைப்புக்கு முன் பரிசோதனை முகாம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் குழுவின் 46 உறுப்பினர்கள் சேர்ந்து 112 ஏக்கரில் சாகுபடி செய்கிறோம். வரும் ஜூன் 20 முதல் மக்காச்சோளமும் காய்கறியும் விதைக்க உள்ளோம். அடியுரத்தை மண்ணின் நிலைக்கு ஏற்ப இட விரும்புவதால் ஜூன் 8-க்குள் ஆய்வு முடிவுகள் தேவைப்படுகின்றன. ஆகவே கீழ்க்கண்ட மூன்று நாட்களை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, மே 5 வாக்கில் மண் எடுக்கும் செய்முறைப் பயிற்சி, அரை நாள். இரண்டு, மே 16 வாக்கில் உலர்த்திய மாதிரிகளைப் பெற்றுக்கொள்ளுதல். மூன்று, ஜூன் 8-க்குள் முடிவுகளை வழங்கிப் பயிர்வாரியாக உரப் பரிந்துரையை விளக்குதல். இந்த நாட்கள் வசதிப்படாவிட்டால் மாற்று நாட்களைத் தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

எல்லா மாதிரிகளுக்கும் கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கார்பன், தழை, மணி, சாம்பல் சத்துகள் தேவை. பட்டியலில் குறிப்பிட்ட 17 நிலங்களில் இளம் இலை வெளுப்பு இருப்பதால் துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் பார்த்துத் தர வேண்டுகிறோம். வெள்ளை பூக்கும் 5 நிலங்களில் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் ஜிப்சம் தேவையையும் கணக்கிட்டுத் தர வேண்டுகிறோம். ஒரு நாளில் 58 மாதிரிகளைப் பெறுவது கடினமானால் இரு தவணையாகக் கொடுக்கத் தயாராக உள்ளோம். மின் இணைப்பும் தண்ணீரும் மேசைகளும் உள்ள கூடத்தையும், பதிவு செய்ய உதவ 4 உறுப்பினர்களையும் எங்கள் பொறுப்பில் ஏற்பாடு செய்கிறோம். கட்டணம் இருப்பின் மாதிரி ஒன்றுக்கு எவ்வளவு என்பதைத் தெரிவித்தால் மொத்தமாகச் செலுத்துகிறோம்.

இணைப்பு: நிலப் பட்டியல், குழுத் தீர்மான நகல். நகல்: மண் பரிசோதனை நிலையம்."

கடிதத்தைவிட அதிக வேலை வாங்கியது இணைப்பில் உள்ள நிலப் பட்டியல்தான். மாதிரி எண், உழவர் பெயர், புல எண், பரப்பு, முந்தைய பயிர், அடுத்த பயிர், பாசனமா மானாவாரியா, கண்ணில் படும் குறை என்று எட்டு கட்டங்கள். இதில் "அடுத்த பயிர்" என்ற கட்டத்தை விட்டுவிட்டால் பரிந்துரை பொதுவாகத்தான் வரும். மாதிரி எண்ணை நாங்களே 1 முதல் 58 வரை கொடுத்து, பையிலும் அதே எண், பதிவேட்டிலும் அதே எண், முடிவிலும் அதே எண் வரும்படி செய்தோம். பெயரை மட்டும் எழுதினால் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் ஊரில் குழப்பம்தான்.

கடிதத்தைத் தபாலில் போடாமல் நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரையும் பதிவு எண்ணும் வாங்கிக்கொண்டோம். எந்த அலுவலர் பார்ப்பார் என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஒரு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி விசாரித்தபோது ஐந்து நிமிடத்தில் கடிதம் கைக்கு வந்துவிட்டது. முந்தைய ஆண்டு "கடிதம் கொடுத்தோமே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு இரண்டு முறை அலைந்தோம். நகலை நிலையத்துக்கும் கொடுத்தது இன்னொரு நல்ல காரியம். மே மாதம் அவர்களுக்கு நெருக்கடி என்பதை முன்பே சொல்லி, எங்கள் மாதிரிகளுக்கு இடம் வைத்திருந்தார்கள்.

பயிற்சிக்கு மே 5 கிடைக்கவில்லை, மே 8 கொடுத்தார்கள். வந்த அலுவலர் நேராக ஒரு நிலத்துக்கே கூட்டிப் போனார். மேலே கிடந்த சருகையும் தாளையும் கையால் ஒதுக்கிவிட்டு, மேல் மண்ணைச் சுரண்டாமல், மண்வெட்டியால் ஆங்கில எழுத்து "வி" போல 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார். குழிக்குள் விழுந்த மண்ணை வாரி வெளியே போட்டார். பிறகு குழியின் ஒரு சரிவில், மேலிருந்து அடிவரை, விரல் தடிமனுக்கு ஒரே சீரான சீவலாக மண்ணைச் சீவி வாளியில் போட்டார். சீவல் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் வந்தால் உரம் தங்கும் மேல் மண் கூடுதலாகச் சேர்ந்து முடிவு தப்பாகும் என்றார். காய்கறி நிலத்தில் ஆழம் ஒரு சாண், அதாவது 22.5 செ.மீ. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இப்படி 10 முதல் 15 இடம். வரப்போரம், வாய்க்கால், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், கிணற்று மேடு எதிலும் எடுக்கக் கூடாது. முந்தைய ஆண்டு நாங்கள் எடுத்ததெல்லாம் அந்த இடங்களில்தான்.

வாளியில் சேர்ந்த நாலைந்து கிலோவை அப்படியே கொடுக்க முடியாது. கல், வேர் பொறுக்கி, சுத்தமான பிளாஸ்டிக் தாளில் பரப்பி, நாலு கால் பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை விலக்கிவிட்டு மீதியைக் கலக்க வேண்டும். அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். கண் மதிப்பில் ஒரு கை அள்ளிப் போட்டால் பொடி மண்தான் அதிகம் வரும். வெயிலில் காய வைக்கக் கூடாது, நிழல்தான். சீட்டு இரண்டு எழுதி ஒன்றைப் பைக்குள்ளும் ஒன்றை வெளியேயும் வைத்தோம், இரண்டும் பென்சிலில். பென்சில் எழுத்து ஈரத்தில் கரையாது. ஒன்பது பேரின் பெயர் அழிந்ததற்கு வைத்தியம் இந்தச் சின்னப் பென்சில்தான்.

பாசன நீரைக் கேட்டதைச் சிலர் தேவையற்றது என்றார்கள். மண்ணில் உப்பு தெரிந்தால் அது மண்ணிலேயே உள்ளதா, கிணற்று நீர் கொண்டுவந்து சேர்ப்பதா என்று தெரியாமல் மருந்து செய்ய முடியாது. மோட்டாரை கால் மணி நேரமாவது ஓட விட்டு, அதே நீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, மண் ஒப்படைக்கும் நாளன்று காலையில் எடுத்துப் போனோம். வெள்ளை பூத்த ஐந்து நிலங்களில் மூன்றில் உப்பின் அளவு அதிகம், கார அமில நிலை 8.5-க்குக் கீழே. அது உவர் நிலம். வடிகால் வெட்டி நல்ல நீர் பாய்ச்சிக் கழுவினால்தான் தீரும், ஜிப்சம் கொட்டிப் பயனில்லை. மற்ற இரண்டில் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியிருந்தது, தண்ணீர் இறங்காமல் கலங்கி நிற்கும் களர் மண். அங்கேதான் ஜிப்சம் வேலை செய்யும், அதுவும் வடிகாலோடு. வெளியே பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். மூன்று உவர் நிலக்காரர்களில் ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டு டன் கணக்கில் ஜிப்சம் வாங்கி இறைத்திருந்தார். முடிவைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

முடிவுகள் ஜூன் 10-ல் வந்தன, கேட்ட நாளுக்கு இரண்டு நாள் தள்ளி. 58-ல் மூன்று மாதிரிகள் சந்தேகமாக இருந்ததால் மறுபடி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதில் ஒன்று எரு இறங்கிய நிலம் என்பதைச் சொல்லாமல் மறைத்தவருடையது. டிஏபி சாக்கால் ஏமாந்தவருக்கு இம்முறை மணிச்சத்து "குறைவு" என்று வந்தது, அடியுரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். 21 பேருக்கு மணிச்சத்து போதுமான அளவு இருந்ததால் டிஏபியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களுக்கு மிச்சமான மூட்டைகளே அந்த ஆண்டு எங்களுக்குக் கண்ணில் தெரிந்த லாபம்.

விளக்க நாளைக் கடிதத்தில் தனியாகக் கேட்டு வாங்கியது எவ்வளவு நல்லது என்பது அன்றுதான் தெரிந்தது. சீட்டில் பரிந்துரை ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் சத்தாக இருக்கிறது. உழவருக்கு வேண்டியது ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது. ஹெக்டேர் அளவை 2.5-ஆல் வகுத்தால் ஏக்கர். 50 கிலோ டிஏபி மூட்டையில், உரங்களுக்கு வழக்கமான பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில், மணிச்சத்து 23 கிலோ, அதோடு தழைச்சத்து 9 கிலோ. அந்த 9 கிலோவை யூரியாக் கணக்கில் கழிக்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அலுவலர் கரும்பலகையில் ஒரு நிலத்துக்குப் போட்டுக் காட்டியதும், மற்றவர்கள் தங்கள் சீட்டைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் கையால் ஒரு சின்ன வரைபடம் போட்டு, மண் எடுத்த இடங்களைப் புள்ளி வைத்து, முடிவுச் சீட்டின் நகலை அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த கடிதத்துக்கு அந்தப் பதிவேட்டின் பக்கங்களே இணைப்பு. புதிதாக எழுத வேண்டியது தேதிகள் மட்டும்தான்.